‘பில் எல்லாம் காணோம்’ என்று செய்தி வந்தால்

சாப்ட்வேர் சப்போர்ட்டில் இருப்பவர்கள் கை அறியாமலே தட்டிவிடும் ஒரு வரி உண்டு: “கைண்ட்லி ஷேர் ஸ்கிரீன்ஷாட் அண்ட் ஸ்டெப்ஸ்.” படிக்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தத் திரையைப் படம் எடுப்பது? எங்கே தொடங்கி எதுவரை ஸ்டெப் எழுதுவது? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், போன மாதம் ஒழுங்காக வந்தது இந்த மாதம் வரவில்லை. கைபேசியை எடுத்து மானிட்டரை ஒரு படம் பிடித்து அனுப்புவார். குறுக்கே வரிவரியாகக் கோடு ஓடும், பாதித் திரைதான் இருக்கும், எழுத்து படிக்க வராது. நாம் “நாட் கிளியர்” என்போம். அவர் கோபப்படுவார். அதற்குள் மாலையாகிவிடும்.

நான் கோவையில் அப்படியொரு மேசையில் உட்கார்ந்திருப்பவன். கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர், ஜிஎஸ்டி கணக்கோடு. பழைய சரக்கு, விபி6-இல் எழுதியது. ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படிக் கேட்டால் வேண்டியது கைக்கு வரும் என்பதற்கு ஒரு கேஸை முழுதாகவே சொல்கிறேன். 2025 மே மாதம் நடந்தது.

மே 9, வெள்ளிக்கிழமை. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கடைசி நாள். அந்த 11 ஞாயிறாக வேறு இருந்தது, ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமைக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையிலிருந்து செய்தி வந்தது. எழுதியவர் அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா.

“சார் ஏப்ரல் பில் எல்லாம் காணோம். அப்டேட் போட்டதுல இருந்தே சாப்ட்வேர் சரியில்லைங்க. ஆடிட்டர் கேட்டுட்டே இருக்காரு. அர்ஜென்ட்.”

இதில் மூன்று சேதி இருக்கிறது, மூன்றையும் அப்படியே நம்ப முடியாது. ‘எல்லாம்’ என்பது பெரும்பாலும் எல்லாம் இல்லை. கண்ணில் பட்ட சில. ‘காணோம்’ என்றால் அழிந்ததா, பட்டியலில் மட்டும் வரவில்லையா என்று தெரியாது. ‘அப்டேட் போட்டதுல இருந்து’ என்பது அவருடைய ஊகம். ஆனால் இந்த மூன்றையும் அவர் முகத்துக்கு நேரே சந்தேகப்படக் கூடாது. “எல்லா பில்லுமா காணோம்?” என்று கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று காதில் விழும். ‘ஆ’ சேர்த்துக் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் குரல் கிடையாது, படிக்கிறவர் தன் எரிச்சலைப் போட்டுத்தான் படிப்பார். கேள்வியாகக் கேட்காமல், எது கிடைத்தால் நமக்கே விடை தெரியுமோ அதைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

நான் அனுப்பிய பதில் இது. ஒரு சொல் மாற்றாமல் போடுகிறேன்.

“அக்கா, வணக்கம். பவானி கிளை வச்சிருக்கீங்க இல்லீங்களா, உங்க கணக்கை இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். 11ஆம் தேதிக்குள்ள ஃபைல் பண்ணணும், அதனால இதை முதல்ல எடுத்துட்டேன். இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம், மறுபடி இம்போர்ட்டும் போட வேண்டாம்.

எனக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, கண்டிப்பா இருக்கணும் ஆனா ரிப்போர்ட்ல வரலைன்னு உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்ச ஒரே ஒரு பில். அதோட நம்பர், தேதி, தொகை மட்டும் போதும்.

ரெண்டு, `Sales Register`-ல ஏப்ரல் 1 முதல் 30 வரை போட்டு, அந்தத் திரை முழுசா. கீபோர்டுல விண்டோஸ் படம் போட்ட கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே `PrtSc` கீயைத் தட்டுங்க. ஸ்கிரீன் ஒரு நொடி மங்கித் திரும்பும். படம் `Pictures`-க்குள்ள `Screenshots`-ங்கிற ஃபோல்டர்ல இருக்கும். கீழே மணி காட்டுற பட்டையும் சேர்ந்து வரட்டும், வெட்ட வேண்டாம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம `Document`-ஆ அனுப்புங்க, அப்பத்தான் சின்ன எழுத்து படிக்க வரும்.

பார்ட்டி பேரை மறைச்சு அனுப்பினாலும் சரிங்க. பில் நம்பர், தேதி, தொகை தெரிஞ்சாப் போதும். வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள்ள என்ன தெரிஞ்சுதுன்னு சொல்றேன்.”

நீளம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு அவர் திரும்ப ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்காது. ‘முழு ஸ்கிரீன்’ என்று சொல்லி நிறுத்தியிருந்தால், எந்த கீ, படம் எங்கே போனது, எப்படி அனுப்புவது என்று மூன்று முறை போய் வந்திருக்கும். வெறும் `PrtSc` மட்டும் அழுத்தச் சொன்னால் ஒரு கம்ப்யூட்டரில் படம் சத்தமில்லாமல் கிளிப்போர்டுக்குப் போகும், இன்னொன்றில் ஸ்னிப்பிங் டூல் திறந்துகொள்ளும். விண்டோஸ் கீயோடு சேர்த்து அழுத்தினால் முழுத் திரையும் ஃபைலாகவே விழுந்துவிடும், ஒட்டுகிற வேலை இல்லை. சில லேப்டாப்பில் `Fn` கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். மங்கவில்லை என்று அவர் சொன்னால் அதைச் சொல்லிக்கொள்ளலாம், முதலிலேயே போட்டுக் குழப்ப வேண்டாம்.

கிளையிலிருந்து வரும் பில் ஃபைலை மறுபடி இம்போர்ட் போட வேண்டாம் என்றது ஏன் என்றால், பதற்றத்தில் இருப்பவர்கள் முதலில் செய்வது அதுதான். இரண்டாவது முறை போட்டதும் பாதி பில் இரட்டிப்பாகிவிடும். அப்புறம் பழைய கோளாறைப் பார்ப்பதா, புதுக் கோளாறைப் பார்ப்பதா என்று நமக்கே தெரியாது.

எல்லா விவரமும் கேட்காமல் ஒரே ஒரு பில் கேட்டதற்கும் காரணம் உண்டு. ‘காணாமல் போனதையெல்லாம் பட்டியல் போட்டுத் தாருங்கள்’ என்றால் அது அவருக்கு அரைநாள் வேலை, கேட்பதே அநியாயம். ஒரு பில் என்றால் மேசையில் இருக்கும் கட்டிலிருந்து ஒன்றை உருவிவிடுவார். நமக்கும் அந்த ஒன்று போதும், அதன் நம்பரைப் பிடித்துக்கொண்டு டேட்டாபேஸில் நேராகத் தேடலாம்.

அரை மணி நேரத்தில் வந்தது. பில் 31, ஏப்ரல் 7, ரூ.18,480. கூடவே திரை.

படத்தை விரித்தேன். தலைமைக் கடையில் நேரடியாகப் போட்ட பில்கள் எல்லா நாளும் ஒழுங்காக இருந்தன. பவானி கிளை பில்கள்தான் குறைவு. எந்தெந்த நாளுக்கு இருக்கிறது என்று மேலிருந்து கீழே பார்த்தால், ஏப்ரல் 13 முதல் மாத முடிவு வரை இருந்தது. அதற்கு முன்னால் 1, 2, 3 இல்லை. 5 முதல் 12 வரை இல்லை. நடுவில் 4ஆம் தேதி பில்கள் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

இந்த 4ஆம் தேதிதான் முடிச்சு. ஏப்ரல் நான்காவது மாதம். 04/04 என்பதை நாள்-மாதம் என்று படித்தாலும் மாதம்-நாள் என்று படித்தாலும் ஒன்றுதான். 12க்கு மேல் மாதம் கிடையாது என்பதால் 13/04 என்பதை மாற்றிப் படிக்கவே முடியாது. மற்ற பதினொரு நாளும் புரண்டு போயிருக்கின்றன. அப்படியானால் 07/04/2025 எங்கே போயிருக்கும்? ஜூலை 4. பில் 31 என்று தேடினால் ஜூலை 4ஆம் தேதியில், வராத மாதத்தில், ரூ.18,480-உடன் நிம்மதியாக இருந்தது. ஏப்ரல் 1, 2, 3 பில்கள் இன்னும் மோசம். அவை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 4ஆம் தேதிகளுக்குப் போய்விட்டன, அதாவது போன நிதியாண்டுக்குள். நடப்பு ஆண்டை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை ரிப்போர்ட் போட்டாலும் அவை கண்ணில் படாது.

அப்புறம் படத்தின் வலது கீழ் மூலை. விண்டோஸ் அங்கே மணிக்குக் கீழே தேதியைக் காட்டும், கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் சின்னத் தேதி வடிவத்திலேயே காட்டும். நம் ஊர் அமைப்பில் `09-05-2025` என்று இருக்க வேண்டும். அந்தத் திரையில் இருந்தது `5/9/2025`. அமெரிக்க அமைப்பு.

அவருக்கு வேண்டியது பட்டியல் மட்டும்தான் என்று நினைத்து, பட்டியலை மட்டும் கட்டம் கட்டி வெட்டி அனுப்பச் சொல்லியிருந்தால் இந்த மூலை வந்திருக்காது. வாடிக்கையாளர் படத்தை வெட்டும்போது, எது கோளாறு என்று அவர் நினைக்கிறாரோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எறிகிறார். நமக்கு வேண்டியது பெரும்பாலும் எறிந்த பகுதியில் இருக்கும். தலைப்புப் பட்டையில் எந்த கம்பெனி, எந்த நிதியாண்டு என்று இருக்கும், ஃபில்டர் ஏதாவது போட்டிருந்தால் மேல் ஓரத்தில் தெரியும், கீழே தேதி. இதையெல்லாம் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டால் விசாரணைக் கமிஷன் மாதிரி ஆகிவிடும். ஒரு முழுப் படம் அவ்வளவுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஸ்டெப்ஸ் வேண்டுமா என்றால், வேண்டும். என்ன நடந்தது என்றுதான் தெரிந்தது, எந்த இடத்தில் நடந்தது என்று தெரியவில்லை. கிளையிலிருந்து வரும் ஃபைல் சிஎஸ்வி. அதை ஏற்றும் எங்கள் இம்போர்ட் தேதியைப் புரட்டியிருக்கலாம். கிளையிலேயே புரண்டு வந்திருக்கலாம். வழியில் வேறு ஏதாவது செய்திருக்கலாம்.

இங்கேதான் ‘ஸ்டெப்ஸ் எழுதி அனுப்புங்க’ என்று கேட்கிறவர்கள் தோற்பார்கள். காலை முதல் ஆடிட்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் கட்டுரை எழுதச் சொல்லக் கூடாது. எழுதினாலும் ‘இம்போர்ட் போட்டேன், வரலை’ என்று இரண்டு சொல்லில் முடிப்பார். தினமும் செய்கிற வேலையில் பாதி, செய்கிறவர் கண்ணுக்கே தெரியாது. அதனால் நான் வாய்ஸ் நோட் கேட்பேன்.

“அக்கா, உங்க பில் அழியலை, எல்லாம் உள்ளேதான் இருக்கு. தேதி மாறி உட்கார்ந்திருக்கு, அதை எடுத்துடலாம். எந்த இடத்துல மாறுதுன்னு பிடிக்கணும். பவானியில இருந்து ஃபைல் வந்ததுல இருந்து இம்போர்ட் முடியறவரைக்கும் நீங்க வழக்கமா என்னென்ன பண்ணுவீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. சின்ன விஷயம்னு எதையும் விடாதீங்க, எந்த ஃபோல்டர்ல வைப்பீங்கங்கிறதுகூடச் சொல்லுங்க. இப்போ செஞ்சு பார்க்க வேண்டாம், சொன்னாப் போதும்.”

வந்த வாய்ஸ் நோட்டை நான் எழுத்தில் எடுத்தது: “பவானியில இருந்து மெயில் வருங்க தம்பி. அதை டவுன்லோட் பண்ணி டெஸ்க்டாப்புல வைப்பேன். எக்ஸெல்ல திறந்து மொத்தம் அவங்க சொன்ன தொகையோட டேலி ஆகுதான்னு பார்ப்பேன். மூடறப்ப சேவ் பண்ணவான்னு கேக்கும், எஸ் குடுத்துருவேன். அப்புறம் நம்ம சாப்ட்வேர்ல இம்போர்ட். பழைய கம்ப்யூட்டர்லயும் இதேதான் பண்ணுவேன், அப்ப ஒண்ணும் ஆகலை.”

‘பழைய கம்ப்யூட்டர்லயும்’ என்றால் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் வந்ததாம். எங்கள் அப்டேட்டும் அதே வாரம். கண்ணில் பட்ட மாற்றம் எங்களுடையது, பழி அதன் மேல் விழுந்தது. அதில் அவர் மேல் தப்பே இல்லை. ‘சிஸ்டம் ஏதாவது மாத்தினீங்களா?’ என்று நான் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். கம்ப்யூட்டரை மாற்றியது அவரல்ல, முதலாளியின் மகன்.

அடுத்தது எக்ஸெல். அதைச் செய்வதாக அவர் ஒருபோதும் எழுதியிருக்க மாட்டார், அவரைப் பொறுத்தவரை அது வெறும் சரிபார்ப்பு. ஆனால் அமெரிக்க அமைப்பில் எக்ஸெல் ஒரு சிஎஸ்வியைத் திறந்தால் 07/04/2025 என்பதை ஜூலை 4 என்று எடுத்துக்கொண்டு, சேவ் செய்யும்போது `7/4/2025` என்று முன்பூஜ்யம் இல்லாமல் எழுதிவிடும். 13/04/2025 என்பதைத் தேதியாகப் புரிந்துகொள்ள முடியாமல், எழுத்தாக அப்படியே விட்டுவிடும். ஆக, குற்றவாளி எக்ஸெல்லா, எங்கள் இம்போர்ட்டா?

இதைத் தீர்க்க அவரை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. மெயிலில் வந்த மூல ஃபைலை எனக்கு அப்படியே ஃபார்வர்டு செய்யச் சொன்னேன், டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலையும் கேட்டேன். “திறக்காம அனுப்புங்க” என்று தனியாக ஒரு வரி போட்டேன். இரண்டையும் நோட்பேடில் வைத்துப் பார்த்தால், மூலத்தில் `07/04/2025`, டெஸ்க்டாப் ஃபைலில் `7/4/2025`. எக்ஸெல் கை வைத்த தடம் தெளிவாக இருந்தது.

என் கம்ப்யூட்டரில் இரண்டையும் இம்போர்ட் செய்தேன். இரண்டும் சரியாக வந்தன. இந்த இடத்தில் “எங்ககிட்ட சரியாத்தான் வருது” என்று பதில் அனுப்பி கேஸை மூடும் சப்போர்ட்காரர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அதைவிடக் கசப்பான வாக்கியம் கிடையாது, அதில் தகவலும் இல்லை. நம்மிடம் சரியாக வருகிறது என்றால் அவரிடம் இருக்கும் ஏதோ ஒன்று நம்மிடம் இல்லை என்றுதான் பொருள். அதைத் தேட வேண்டியது நாம். டெஸ்ட் மெஷினில் `Win+R` தட்டி `intl.cpl` திறந்து, வடிவத்தை இங்கிலிஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று மாற்றி, மறுபடி இரண்டையும் ஏற்றினேன். இப்போது இரண்டிலும் அதே பதினொரு நாள் காணோம். எக்ஸெல் தொடாத மூல ஃபைலும் புரண்டதால், எக்ஸெல் மேல் குற்றமில்லை. கோளாறு எங்கள் இந்த வரியில்:

```vb
BillDate = CDate(strDate)
```

`CDate` கம்ப்யூட்டரின் தேதி அமைப்பைப் பார்த்துத்தான் படிக்கும். அமெரிக்க அமைப்பில் முதல் எண்ணை மாதம் என்று வைக்கும். அந்த எண் 12ஐத் தாண்டினால் பிழை என்று நின்றுவிடாது, சரி, இது நாளாக இருக்கும் என்று தானாகவே மாற்றிப் படித்துவிடும். நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாதியைச் சரியாகவும் பாதியைத் தப்பாகவும் ஏற்றி வைத்துவிட்டது.

ஃபைலில் வருவது எப்போதுமே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. அதனால் அமைப்பை நம்பாமல் நாமே பிரித்துக்கொள்ள வேண்டும்:

```vb
p = Split(Replace(strDate, "-", "/"), "/")
If CInt(p(1)) > 12 Then Err.Raise 13
BillDate = DateSerial(CInt(p(2)), CInt(p(1)), CInt(p(0)))
```

`Replace` எதற்கென்றால், இந்திய அமைப்பில் எக்ஸெல் சேவ் செய்தால் சாய்கோடு போய் நடுக்கோடு வந்துவிடும். நடு வரி இல்லாவிட்டால் `DateSerial` 13ஆம் மாதத்தை அடுத்த ஆண்டு ஜனவரியாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். இன்னொரு ‘காணோம்’ செய்திக்கு வழி.

அக்காவுக்கு அன்றைக்கே வேண்டியது இந்தக் கோட் இல்லை. பேக்கப் எடுத்து, அந்த ஒரு இம்போர்ட்டை மட்டும் நீக்கி, அமைப்பை இங்கிலிஷ் இந்தியாவுக்கு மாற்றி, மூல ஃபைலை மறுபடி ஏற்றி, கிளை சொன்ன மொத்தத்தோடு டேலி பார்த்தோம். போனிலேயே முடிந்தது. சனிக்கிழமை காலையில் ஆடிட்டருக்குப் போய்விட்டது. கோட் திருத்தம் அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் போனது.

இந்தக் கேஸில் ஒன்றை நான் வேண்டுமென்றே கேட்கவில்லை. ‘ஒரு டெஸ்ட் பில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க’ என்பது. எங்கள் தொழிலில் இது சர்வசாதாரணமாகக் கேட்கப்படுகிறது, கேட்கக் கூடாத ஒன்று. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நேரடிக் கணக்கில் ஒரு சோதனை பில் போட்டால் அது ஒரு எண்ணைத் தின்றுவிடும். அழித்தால் ஓட்டை, வைத்தால் பொய் விற்பனை. பிறகு அதை ஆடிட்டரிடம் விளக்க வேண்டியது நாமல்ல, அவர். கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் நம் மெஷினில் செய்ய வேண்டும். அது முடியாதபோது, அவர் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஒரு மாதிரி கம்பெனி திறந்து, அதில் மட்டும் செய்யச் சொல்லலாம். அப்போதும் தலைப்புப் பட்டையில் மாதிரி கம்பெனியின் பெயர் தெரிகிறதா என்று ஒரு படம் வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி.

கேட்கும் தொனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘நீங்க என்ன அழுத்துனீங்க?’ என்ற கேள்வியில் ‘நீங்க’ முன்னால் வந்து நிற்கிறது, அதிலேயே பழி ஏறிவிடுகிறது. ‘சேவ் அழுத்தினதும் என்ன வருதுங்க?’ என்றால் ஆள் விலகி, திரை முன்னால் வந்துவிடும். கேட்பது அதே விஷயம்தான். ‘சரியாப் பார்த்தீங்களா?’ என்பதை எப்போதும் விட்டுவிடலாம், அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே வராது. அப்புறம், ‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’, ‘தயவுசெய்து’ மூன்றையும் சேர்த்துப் போடுவதால் மரியாதை கூடுவதில்லை. ஏன் கேட்கிறோம், கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் என்ன நடக்கும் என்று சொன்னால் அதுவே பெரிய மரியாதை. ஒரு மணி நேரம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு பதில் போக வேண்டும், ‘இன்னும் பார்த்துட்டிருக்கேன்’ என்றாவது.

திரையில் பெட்டி திறந்து பிழைச் செய்தி காட்டும் கேஸ்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விண்டோஸின் சாதாரண மெசேஜ் பெட்டி திறந்திருக்கும்போது, ஓகே தட்டுவதற்கு முன் `Ctrl+C` அழுத்தினால் அதிலுள்ள எழுத்து முழுதும் காப்பி ஆகிவிடும், தலைப்போடு. வாட்ஸ்அப் வெப்பில் `Ctrl+V` போட்டால் போதும். ‘ஏதோ ரன்டைம் எரர்னு வந்துச்சு’ என்பதற்கும் `Run-time error '3021'` என்பதற்கும் எங்களுக்கு ஒரு நாள் வித்தியாசம்.

கைபேசியில் எடுத்த படத்தை நான் கேவலமாகச் சொன்ன மாதிரி தொடக்கத்தில் பட்டிருக்கலாம். சில இடத்தில் அதுதான் வேண்டும். தோன்றி உடனே மறையும் பெட்டி, பிரிண்டரில் கோணலாக வரும் பில், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நிற்கும் திரை, இதற்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட் உதவாது. கைபேசியைப் பக்கத்தில் வைத்து அரை நிமிட வீடியோ எடுக்கச் சொல்வேன். எந்த கீயை அழுத்துகிறார்கள் என்று கையும் தெரிய வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

மறைப்பது பற்றி. விற்பனைப் பட்டியல் என்றால் பார்ட்டி பெயர், போன் நம்பர், யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும், போட்டிக் கடைக்காரர் பார்த்தால் என்னாகும் என்று எந்த வியாபாரிக்கும் தெரியும். மறைக்கலாம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் அவர் தயங்காமல் அனுப்புவார். மறைக்கச் சொல்லும்போது எதை மறைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தேதியையும் சேர்த்துக் கறுப்படித்து வரும். கைபேசியின் ஹைலைட் பேனாவால் கறுப்பு பூசினால் அடியில் உள்ள எழுத்தை வெளிச்சம் கூட்டிப் படித்துவிடலாம், முழுசா நிரம்பிய கட்டம்தான் போட வேண்டும். கேஸ் முடிந்ததும் அந்தப் படங்களை நம் பக்கம் அழித்துவிட வேண்டும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ‘இதைப் பாருங்க’ என்று கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

எப்படிக் கேட்டாலும் ஸ்டெப்ஸ் கிடைக்காத கோளாறுகளும் உண்டு. ‘திடீர் திடீர்னு நிக்குதுங்க, மறுபடி திறந்தா சரியாயிடுது.’ இவரிடம் ஸ்டெப்ஸ் கேட்டு நச்சரித்தால் ஏதாவது ஒன்றைக் கற்பனையாகச் சொல்லிவிடுவார், நாம் அதன் பின்னால் ஓடுவோம். அவரிடம் நான் கேட்பது நேரம் மட்டும். “அடுத்த தடவை நின்னா, மணியை மட்டும் ஒரு மெசேஜ் போடுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.” 11.42 என்று வெறும் எண் வரும். லாக் ஃபைலில் அந்த நிமிடத்தைத் திறந்து பார்க்கலாம். நாலைந்து நேரம் சேர்ந்ததும் சில சமயம் வேறு ஒன்றும் தெரியவரும். ஒரு கடையில் எல்லாமே மதியம் ஒன்றரை மணியை ஒட்டி வந்தது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் அந்த நேரத்துக்கு வைத்திருந்தார்கள்.

தேதி கேஸுக்குப் பிறகு எங்கள் `Help` மெனுவில் இருக்கும் `About` திரையில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். வெர்ஷன் எண்ணுக்குக் கீழே கம்ப்யூட்டரின் தேதி வடிவமும், கடைசியாக இம்போர்ட் நடந்த நாளும் வரும். இப்போது புதிதாக யார் என்ன சொல்லி வந்தாலும், கோளாறு வந்த திரையோடு இந்தத் திரையையும் ஒரு படம் கேட்கிறேன்.